ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் நார்மல், ஆனாலும் மகளுக்கு வயிற்று வலி ஏன்?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. ஆறு மாதமாக வயிற்று வலி. ரெண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைஞ்சிடுச்சுங்கறா. மலச்சிக்கலும் இருக்கு. ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் நார்மல். கேஸ் மாத்திரை கொடுத்தும் பிரயோஜனம் இல்லை. எட்டு கிலோ இளைச்சுட்டா, மூணு மாசமா பீரியட்ஸும் வரலை. வயிறு சரியானா சாப்பிடுவான்னு காத்துட்டிருக்கோம். என்ன செய்யலாம்?

பதில்:

குழந்தைகள் மருத்துவப் பிரிவில் உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். உங்கள் மகளை நேரில் பார்க்காமல் நோயின் பெயரைச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குக் கேட்கத் தோன்றுவது ஒன்றுதான். வலி வந்ததால் சாப்பாடு குறைந்ததா, சாப்பாடு குறைந்த பிறகு வலி வந்ததா?

பல வாரங்கள் குறைவாகச் சாப்பிட்டால் உடம்பு எல்லா வேலையையும் மெதுவாக்கிவிடும். இதயத் துடிப்பு குறையும், கை கால் சில்லிட்டுப்போகும், மாதவிலக்கு நிற்கும். இரைப்பையும் அப்படித்தான். மூன்று நான்கு மணி நேரத்தில் கீழே இறங்கவேண்டிய சாப்பாடு அங்கேயே வெகுநேரம் தங்கும். அடுத்த வேளை தட்டைப் பார்க்கும்போது நிஜமாகவே வயிறு நிறைந்துதான் இருக்கும். பெருங்குடலும் மெதுவாகி, உள்ளே போவதும் குறைவாக இருந்தால் மலம் இறுகிவிடும். அது தேங்கி நிற்பதே இன்னும் பசியைக் கெடுக்கும். புண்ணோ வீக்கமோ இல்லாததால் எண்டோஸ்கோப்பியில் ஒன்றும் தெரியாது. ஆனால் வலி நிஜம். "ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்ல, நடிக்காதே" என்று வீட்டில் யாராவது சொல்லியிருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

அடையாளம் தெரியாதபடி மாற்றி ஒரு பிள்ளையின் கதையைச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பு மாணவி, 'அல்சர்' என்று அழைத்து வந்தார்கள். அவள் அம்மாவிடம் பேனாவும் பேப்பரும் கொடுத்து, மாதவாரியாக என்னென்ன மாறியது என்று எழுதச் சொன்னேன். ஜூலையில் சாயங்கால பலகாரம் நின்றது. செப்டம்பரில் ராத்திரி சோறு வேண்டாம் என்றாள். அக்டோபரில் டிபன் பாக்ஸ் பாதி திரும்பி வந்தது. தம்பிக்குத் தோசை சுட்டுக் கொடுத்துவிட்டு, தான் ஒன்றை இருபது துண்டாகப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வயிற்று வலி டிசம்பரில்தான் ஆரம்பித்தது. எழுதி முடித்ததும் அம்மாவுக்கே புரிந்துவிட்டது.

இந்த வரிசையை நீங்களும் எழுதிப் பாருங்கள். பள்ளியில் எடுத்த உயரம், எடைக் குறிப்பு இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய், சோறு, இனிப்பு என்று ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டே வந்ததா, சாப்பிட்டதும் மாடிப்படி ஏறி இறங்குகிறாளா, பாத்ரூமுக்குப் போய் வெகுநேரம் இருக்கிறாளா, வெயில் நாளிலும் குளிர்கிறது என்கிறாளா என்று கவனியுங்கள். சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகும் இந்தச் சாப்பாட்டுக் கோளாறு, குண்டாகிவிடுவோம் என்ற பயம் இல்லாமலும் வரும். சாப்பிட்டால் வலிக்கும், வாந்தி வரும் என்ற பயத்திலேயே சாப்பாட்டைச் சுருக்கிக்கொண்டு போகும் பிள்ளைகள் உண்டு. பையன்களும் உண்டு. அவர்களுக்கு மாதவிலக்கு போன்ற அடையாளம் இல்லாததால் இன்னும் தாமதமாகத்தான் கண்டுபிடிக்கிறோம்.

அந்தத் தாளோடு குழந்தை மருத்துவரிடம் போய், "எடை குறைந்த பிறகுதான் வலி வந்தது, சாப்பாட்டுக் கோளாறாக இருக்குமா?" என்று நேராகக் கேளுங்கள். தைராய்டு, சர்க்கரை, குடல் அழற்சி, கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய், வயிற்றில் காசநோய் ஆகியவற்றிலும் எடை குறையும். அவற்றைப் பார்த்துவிடுவது அவசியம். கூடவே நாடித்துடிப்பு, படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம், இ.சி.ஜி., ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட் ஆகியவையும் பார்க்கவேண்டும். ரத்தப் பரிசோதனை சரியாக இருப்பதால் மட்டும் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. மனநல மருத்துவரும் சேர்ந்து பார்க்கவேண்டிய விஷயம் இது. அருகில் யாரும் இல்லையென்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம்.

இப்போது சாப்பாடு. வயிறு சரியாகட்டும் என்று காத்திருந்தால் வயிறு சரியாகாது. மெதுவாகிப்போன இரைப்பையைத் திரும்ப வேலை செய்ய வைப்பது தொடர்ந்து உள்ளே போகும் சாப்பாடுதான். 'லங்கணம் பரம ஔஷதம்' என்று பாட்டி சொல்வது அஜீரணத்துக்குச் சரி, இங்கே அதுவே நோயை வளர்க்கும்.

நான் சொன்ன மாணவி காலையில் தண்ணீரில் காய்ச்சிய ஓட்ஸ், மதியம் ஒரு கிண்ணம் கீரை, வெள்ளரி, கேரட், நடுவே நிறையத் தண்ணீர் என்று இருந்தாள். பார்க்க ஆரோக்கியம்தான். ஆனால் வயிற்றை அடைக்கும் அளவு அதிகம், சத்து குறைவு, கேஸும் அதிகம். மலச்சிக்கலுக்கு என்று அவள் வீட்டில் தவிடும் சேர்த்திருந்தார்கள். மெதுவான குடலில் நார்ச்சத்தைத் திணித்தால் உப்புசம்தான் கூடும். இதை மாற்றி, அளவு சின்னதாகவும் சத்து அதிகமாகவும் கொடுத்தோம். நல்லெண்ணெய் குழைத்த பொடியோடு இட்லி, நெய் விட்ட பொங்கல், தயிர்சாதம், பாலில் காய்ச்சிய சத்துமாவுக் கஞ்சி, கடலை உருண்டை, வாழைப்பழ மில்க்‌ஷேக். மூன்று வேளை, நடுவே மூன்று சிற்றுண்டி. மென்று விழுங்குவது கஷ்டமான நேரத்தில் கஞ்சியும் பாலும் கைகொடுத்தன, திரவம் இரைப்பையிலிருந்து சீக்கிரம் இறங்கும். தண்ணீரைச் சாப்பாட்டுக்கு முன்னால் குடிக்காமல் பிறகு குடிக்கச் சொன்னோம்.

தட்டில் எவ்வளவு என்பதை அவளிடம் கேட்காதீர்கள், நீங்களே போடுங்கள். ஒருவர் கூடவே உட்கார்ந்து சாப்பிடுங்கள். அரைமணி நேரம் போதும். கலோரி, எடை, "பாரு எலும்பாயிட்டே" இதெல்லாம் அந்த நேரத்தில் வேண்டாம். "வலிக்கும்னு தெரியும்டா. வயிறு பழகறவரைக்கும் வலிக்கும். நான் இங்கேயே இருக்கேன், இன்னொரு வாய்" என்று சொன்னால் போதும். சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் சுடுநீர்ப் பை, கேரம், டிவி என்று ஏதாவது ஒன்றில் சேர்ந்து இருங்கள். அந்த ஒரு மணி நேரம்தான் அவளுக்கு ரொம்பக் கஷ்டமானது.

முதல் ஒன்றிரண்டு வாரம் உப்புசம் கூடியதுபோலத்தான் இருக்கும். பல வீடுகளில் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். விடாமல் கொடுத்தால் சில வாரங்களில் வயிறு நிறையும் உணர்வும் மலச்சிக்கலும் குறையத் தொடங்கும். அந்த மாணவிக்கு முதலில் சரியானது மலச்சிக்கல்தான், சாப்பிட்டதும் வரும் வலி கடைசியாகப் போனது. மலம் இளகுவதற்கு மருத்துவர் பாலிஎதிலீன் கிளைக்கால் பொடி எழுதலாம். நிலாவரை சேர்ந்த சூரணமும் பேதி மாத்திரையும் நீங்களாக வாங்க வேண்டாம், வீட்டிலும் கைக்கு எட்டாமல் வையுங்கள். எடை குறைக்க அவற்றை ரகசியமாகச் சாப்பிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள், பொட்டாசியம் இறங்கி இதயம் வரைக்கும் பாதிக்கும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. ஐந்து நாளுக்கு மேல் கிட்டத்தட்ட எதுவுமே உள்ளே போகவில்லை என்றாலோ, எடை வேகமாக இறங்கியிருந்தாலோ, சாப்பாட்டைக் கூட்டுவதை வீட்டில் நீங்களாகத் தொடங்காதீர்கள். திடீரெனச் சாப்பாடு கூடும்போது ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனையில் தினமும் ரத்தம் பார்த்துக்கொண்டு கூட்டுவார்கள். ஆறு மாதத்தில் எட்டு கிலோ, மூன்று மாதமாக மாதவிலக்கு இல்லை என்பதால், நீங்களும் இந்த வாரமே மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிக்கவேண்டும். அவள் உட்கார்ந்து ஓய்வாக இருக்கும்போது மணிக்கட்டில் ஒரு நிமிடம் முழுதாக நாடி எண்ணிப் பாருங்கள். 50க்குக் கீழே இருந்தாலோ, எழுந்து நின்றால் மயக்கம், நெஞ்சு வலி, கால் வீக்கம், நிற்காத வாந்தி இருந்தாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.