மாடி லேப்டாப்புக்குக் கீழ்வீட்டு பிரிண்டர் ஏன் தெரியவில்லை?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் எங்கள் வீடு, கீழும் மேலுமாக இரண்டு தளம். வயரிங் செய்த தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு நெட்வொர்க் படம் அனுப்பினார். மேலே மேகம், அதற்குக் கீழே மோடம், ரவுட்டர், ஸ்விட்ச், அப்புறம் டிவி, கேமரா என்று பெட்டி பெட்டியாக, எண்களோடு இருக்கிறது. இன்டர்நெட் எல்லா இடத்திலும் வருகிறது. ஆனால் மாடியில் மகளின் லேப்டாப்பில் பிரிண்டர் தெரிவதே இல்லை. கீழே வந்தால் தெரிகிறது. ஸ்விட்ச் பழுது, மாற்ற வேண்டும் என்கிறார். படத்தைப் பார்த்து எனக்கே புரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: ஸ்விட்ச்சுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். அது குற்றவாளி இல்லை என்பதற்கான சாட்சி நீங்கள் அனுப்பிய படத்திலேயே இருக்கிறது.

படத்தில் லேப்டாப் மீது விரலை வையுங்கள். அதிலிருந்து ஒரு புள்ளிக்கோடு கிளம்புகிறது. புள்ளிக்கோடு என்றால் வைஃபை, முழுக்கோடு என்றால் கேபிள். பெரும்பாலும் இப்படித்தான் வரைவார்கள். அந்தக் கோடு ரவுட்டருக்குப் போகிறது. ரவுட்டரிலிருந்து முழுக்கோடு மேலே மோடத்துக்கு. மோடத்திலிருந்து இன்னொரு புள்ளிக்கோடு இடப்பக்கமாகப் பிரிண்டருக்கு. விரலை எடுக்காமல் லேப்டாப்பிலிருந்து பிரிண்டர் வரை வந்துவிட்டீர்கள், வழியில் எங்கேயும் ஸ்விட்ச்சைத் தொடவில்லை. அது ரவுட்டருக்குக் கீழே டிவி, மேசைக் கணினி, கேமரா ரெக்கார்டர் மூன்றுக்கும் கேபிளைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டு தன் பாட்டுக்கு இருக்கிறது. ஸ்விட்ச் கெட்டிருந்தால் முதலில் அந்த மூன்றும் அல்லவா படுத்திருக்க வேண்டும்?

சரி, பிரச்சினை எங்கே? பெட்டிகளை விட்டுவிட்டு எண்களைப் பாருங்கள். லேப்டாப்புக்குப் பக்கத்தில் 192.168.0.34. பிரிண்டருக்குப் பக்கத்தில் 192.168.1.8. மூன்றாவது எண் மாறியிருக்கிறது, ஒன்றில் 0, இன்னொன்றில் 1. எல்லாமே அதில்தான்.

நம்ம பெங்களூரு விலாசம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். 192.168 என்பது ஏரியா. மூன்றாவது எண் எத்தனையாவது கிராஸ் என்பது. நான்காவது எண் கதவு எண். வீட்டு ரவுட்டர்கள் சாதாரணமாக வருகிற அமைப்பில் இந்தக் கணக்கு சரியாக வரும். உங்கள் லேப்டாப் ஒரு கிராஸில் குடியிருக்கிறது, பிரிண்டர் அடுத்த கிராஸில்.

ஒரே வீட்டில் இரண்டு கிராஸ் எப்படி வந்தது? படத்தில் ‘மோடம்’ என்று எழுதியிருக்கிற பெட்டிதான் காரணம். உங்கள் வீட்டில் இருப்பது ஃபைபர் இணைப்பு. சுவரிலிருந்து மெல்லிய வயர் வந்து அந்தப் பெட்டியில் செருகியிருக்கும், முனை பெரும்பாலும் பச்சையாக இருக்கும். அதன் சரியான பெயர் ஓஎன்டி. ஒளியாக வருவதை மின்சமிக்ஞையாக மாற்றுவது அதன் முதல் வேலை. ஆனால் இப்போது கம்பெனிகள் கொடுக்கிற பெட்டிகளில் பலவற்றுக்குள் ஒரு ரவுட்டரும் வைஃபையும் சேர்ந்தே இருக்கின்றன. படத்தில் அதற்குப் பக்கத்தில் 192.168.1.1 என்று போட்டிருப்பதும், பிரிண்டர் அதன் வைஃபையில் ஒட்டிக்கொண்டிருப்பதும் அதைத்தான் காட்டுகின்றன. வெறும் மோடமாக இருந்தால் பிரிண்டர் அதில் ஒட்டவே முடியாது.

அதற்குக் கீழே நீங்கள் மாடிக்காக வாங்கிய ரவுட்டர். அதன் பெட்டியில் இரண்டு எண்கள் இருப்பதைக் கவனித்தீர்களா? WAN என்ற வெளிப்பக்கத்துக்கு 192.168.1.5, LAN என்ற உள்பக்கத்துக்கு 192.168.0.1. ரவுட்டர் என்பது இரண்டு தெருவுக்கு நடுவில் நிற்கிற வாசல், அதனால் பக்கத்துக்கு ஒரு முகவரி. WAN பக்க எண் 192.168 என்று தொடங்கினாலே, மேலே இன்னொரு ரவுட்டர் உட்கார்ந்திருக்கிறது என்று முடிவு கட்டிவிடலாம். ஆக, உங்கள் வீட்டில் இரண்டு ரவுட்டர்கள், ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக.

படத்தை நம்பாமல் நீங்களே பார்க்க வேண்டுமென்றால், மாடியில் இருந்தபடி மகளின் விண்டோஸ் லேப்டாப்பில் Command Prompt திறந்து இதைத் தட்டுங்கள்:

```
tracert -d -h 2 8.8.8.8
```

வெளியே போகும் வழியில் முதல் இரண்டு வாசல்களை இது காட்டும். முதல் வரியில் 192.168.0.1, இரண்டாவது வரியில் 192.168.1.1 என்று வந்தால் படம் உண்மை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மாடி லேப்டாப்பால் பிரிண்டரை எட்டவே முடியாது என்பதில்லை. அப்பார்ட்மென்ட் வாட்ச்மேன் மாதிரிதான் மாடிக்காக வாங்கிய உள் ரவுட்டர். உள்ளே இருப்பவர் வெளியே போனால் விடுவார், அவர் போன வேலைக்குப் பதில் வந்தாலும் விடுவார். வெளியிலிருந்து யாராவது தாமாக வந்து கதவைத் தட்டினால் விடமாட்டார். அதனால் லேப்டாப் 192.168.1.8 என்ற முகவரியைக் குறிப்பாகத் தேடிப் போனால் பிரிண்டர் பதில் சொல்லும். ஆனால் லேப்டாப்பின் பட்டியலில் பிரிண்டர் தானாக வந்து நிற்பதற்கு வேறொரு வழி இருக்கிறது: ‘இங்கே யாராவது பிரிண்டர் இருக்கீங்களா?’ என்று லேப்டாப் கூவ வேண்டும். தள்ளுவண்டிக்காரர் குரல் மாதிரி, அந்தக் கூவல் அந்தக் கிராஸோடு நின்றுவிடும். ரவுட்டர் அதை அடுத்த தெருவுக்குக் கடத்தாது. கீழே வந்தால் லேப்டாப் மோடத்தின் வைஃபையைப் பிடிக்கிறது, ஒரே கிராஸ் ஆகிறது, பிரிண்டர் தெரிகிறது. உங்கள் புதிர் இவ்வளவுதான். கீழே ஃபோனை வைத்துக்கொண்டு டிவிக்கு வீடியோ அனுப்பப் பார்த்தால் டிவி தெரியாமல் போவதும் இதே கதையாகத்தான் இருக்கும்.

இன்றைக்கே அவசரமாக அச்சடிக்க வேண்டுமானால், லேப்டாப்பில் பிரிண்டர் சேர்க்கும் இடத்தில் ‘Add a printer using an IP address or hostname’ என்பதைத் தேர்ந்து 192.168.1.8 கொடுங்கள். வேலை நடக்கும். ஆனால் மோடம் நாளைக்கு அந்தப் பிரிண்டருக்கு வேறு எண் கொடுத்துவிட்டால் மறுபடி காணாமல் போகும். ஒட்டுப்போட்ட தீர்வு.

நிரந்தரமாகச் சரிசெய்ய, இரண்டில் ஒரு ரவுட்டர் தன் வேலையை விட வேண்டும். மோடத்தை, ரவுட்டர் வேலையை விட்டு வெறும் மோடமாக மட்டும் இருக்கிற பிரிட்ஜ் மோடுக்கு மாற்றச் சொல்லிப் பலர் யோசனை சொல்வார்கள். உங்கள் வீட்டுக்கு அது சரிவராது என்பது என் கருத்து. பல கம்பெனிகளில் அதை அவர்கள்தான் செய்துதர வேண்டும், பெட்டியோடு தரைவழி ஃபோன் இருந்தால் அது நின்றுபோகலாம், கீழ்த்தளத்தில் மோடம் தரும் வைஃபையும் போய்விடலாம். கீழே அந்த வைஃபைதானே உங்களுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது? அதனால் உள் ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட்டாக மாற்றுவதே நல்லது. வாட்ச்மேனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு வாசலைத் திறந்து வைப்பது மாதிரி. அதன் வைஃபையும் போர்ட்களும் அப்படியே வேலை செய்யும், ஆனால் முகவரி கொடுப்பது மோடம் ஒன்று மட்டும்.

அதற்கு முன் ஒரு வேலை. கேமரா ரெக்கார்டருக்குப் படத்தில் 192.168.0.50 என்று இருக்கிறது. மற்றவை எல்லாம் 20, 21, 34 என்று வந்து விழுந்த எண்கள். இது யாரோ கையால் கொடுத்த எண் மாதிரி இருக்கிறது. அப்படியானால் தெரு மாறினாலும் அது பழைய முகவரியையே பிடித்துக்கொண்டு நிற்கும். ரெக்கார்டரோடு இணைத்த திரையில் படம் ஓடிக்கொண்டே இருக்கும், உங்கள் மொபைல் ஆப் மட்டும் ஆஃப்லைன் என்று சொல்லும். அன்றைக்குக் கேமரா பழுது என்று இன்னொரு பில் வரும். எனவே முதலில் ரெக்கார்டரின் நெட்வொர்க் அமைப்பில், முகவரியைத் தானாக வாங்கிக்கொள்ள வைக்கும் DHCP என்பதை ஆன் செய்துவிடுங்கள்.

பிறகு மாடி ரவுட்டரின் பக்கத்தை 192.168.0.1 வழியாகத் திறந்து, Operation Mode என்ற இடத்தில் Access Point தேர்ந்து சேமியுங்கள். அது தானாக அணைந்து எழும். உங்கள் ரவுட்டரில் அந்த வசதி இல்லையென்றால் கையால் செய்யலாம், ஆனால் வரிசை முக்கியம். மோடத்திலிருந்து வரும் கேபிளை WAN போர்ட்டிலிருந்து உருவி வைத்துவிட்டு, முதலில் அதன் LAN முகவரியை 192.168.1 தெருவில் ஒரு காலி எண்ணுக்கு மாற்றுங்கள். மோடம் தானாக வழங்கும் எண்களுக்கு வெளியே இருக்கட்டும். அடுத்து, முகவரி வழங்கும் அதன் DHCP சர்வரை அணையுங்கள். கடைசியாகத்தான் உருவி வைத்த கேபிளை LAN போர்ட்டில் செருக வேண்டும். நான் ஒரு தடவை அவசரத்தில் கேபிளை முதலிலேயே LAN போர்ட்டுக்கு மாற்றிவிட்டேன். இரண்டு பெட்டிகளும் போட்டி போட்டு முகவரி கொடுக்க, வீட்டில் பாதிப் பேருக்கு நெட் வந்தது, பாதிப் பேருக்கு வரவில்லை. அந்தப் பாதியும் யார் யார் என்பது மணிக்கொரு தடவை மாறியது.

முடிந்ததும் ஸ்விட்ச், டிவி, ரெக்கார்டர் எல்லாவற்றையும் ஒரு முறை அணைத்துப் போடுங்கள். மாடியில் லேப்டாப்பில் ipconfig தட்டினால் IPv4 Address வரியில் 192.168.1 என்று தொடங்க வேண்டும், Default Gateway வரியில் 192.168.1.1 இருக்க வேண்டும். 169.254 என்று தொடங்கினால் லேப்டாப்புக்கு யாருமே முகவரி கொடுக்கவில்லை என்று அர்த்தம். நடுவில் உள்ள கேபிளைப் பாருங்கள். மூன்றாவது எண் ஒன்றாகியும் பிரிண்டர் தெரியவில்லையென்றால், அது மோடத்தின் விருந்தினர் வைஃபையில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த வைஃபை ஒருவரை ஒருவர் பார்க்காதபடி மறைத்துத்தான் வைக்கும்.

மாடி ரவுட்டரின் பக்கம் இனி பழைய 192.168.0.1-இல் திறக்காது. பயப்பட வேண்டாம், மோடத்தின் பக்கத்தில் இணைந்துள்ள கருவிகள் பட்டியலில் அதன் புது எண் இருக்கும். படத்தில் பழைய எண்களை அடித்துப் புதியவற்றை எழுதி வையுங்கள்.

இன்னொன்று. நீங்கள் அனுப்பிய படத்தின் வலது மூலையில் வைஃபை பாஸ்வேர்டும் சேர்ந்து வந்திருக்கிறது. 192.168 எண்களைப் பார்த்து வெளியாள் எதுவும் செய்ய முடியாது, பாஸ்வேர்டு அப்படியில்லை. ரவுட்டர் பக்கம் திறந்திருக்கும்போதே அதையும் மாற்றிவிடுங்கள்.