நான்கு மாதம் கழித்து எடுத்த மூன்று நிமிடம்

"யூடியூபில் பாட வீடியோ போடுகிறேன். ஒவ்வொரு பாகத்திலும் கேமரா கோணம், வெளிச்சம், சத்தம், ஆரம்பம் எல்லாம் மாறிப்போகிறது. எல்லாப் பாகமும் ஒரே மாதிரி வர என்ன செய்ய வேண்டும்?"

நீங்களும் என்னைப் போலவே உதவிக்கு ஆளில்லாமல், வீட்டில் ஓர் அறையில், ஒரே கைபேசியை வைத்துக்கொண்டு நேரம் கிடைக்கும்போது பதிவு செய்பவராக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். படப்பிடிப்புக் கூடமும் ஒளிப்பதிவாளரும் உள்ளவர்களுக்கு இந்தப் பதிலில் புதிதாக எதுவும் இருக்காது. நான் மதுரைப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பத்தாம் வகுப்புக் கணிதத்தின் எட்டு அலகுகளையும் வீட்டு மாடி அறையில் கரும்பலகை வைத்துப் பாடத் தொடராகப் பதிவு செய்துவருகிறேன்.

ஆறாம் அலகான முக்கோணவியலில், இறக்கக் கோணம் பற்றிய பாடத்தில் ஒரு தவறு செய்துவிட்டேன். 60 மீட்டர் உயரமுள்ள கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து ஒரு படகு 30° இறக்கக் கோணத்தில் தெரிகிறது; அது விளக்கின் அடியிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது என்பது கணக்கு. tan 30° என்பது 1/√3. நான் பேச்சின் வேகத்தில் √3 என்று எழுதி, 103.9 மீட்டர் வர வேண்டிய விடையை 34.6 மீட்டர் என்று முடித்துவிட்டேன். ஜனவரியில் எடுத்த அந்தத் தவறை மே மாதத்தில் ஒரு மாணவி சுட்டிக்காட்டினாள். முப்பது நிமிடப் பாடத்தில் தவறான பகுதி மூன்று நிமிடம்தான் என்பதால், அதை மட்டும் மீண்டும் எடுத்து இடையில் பொருத்திவிடலாம் என்று நினைத்தேன்.

பொருத்திப் பார்த்தபோது அது வேறொருவரின் பாடம்போல இருந்தது. முகம் பெரிதாகத் தெரிந்தது, அறை நீலம் பாய்ந்திருந்தது, குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மெலிந்திருந்தது. படத்தொகுப்புத் தெரிந்த என் பழைய மாணவரிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "நிறத்தைக் கொஞ்சம் திருத்தலாம் சார், சத்தத்தைக் கூட்டலாம். ஆனால் பலகையின் ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறதே, அதை எங்கிருந்து கொண்டுவருவது?" என்று கேட்டார். அன்றுதான் ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் காரணத்தைத் தேடத் தொடங்கினேன்.

முகம் ஏன் பெரிதானது என்பதுதான் என்னை மிகவும் குழப்பியது. ஏனென்றால் டிரைபாடின் மூன்று கால்களும் நிற்குமிடத்தை ஏற்கெனவே தரையில் பெயிண்டால் குறித்து வைத்திருந்தேன். மே மாதத்திலும் அதே குறிகளின் மேல்தான் நிறுத்தினேன். காரணம் கைபேசிக்குள் இருந்தது. தெளிவு கூடட்டும் என்று 1080p-இலிருந்து 4K-க்கு மாற்றியிருந்தேன். என் கைபேசி 4K-இல் ஒளியைப் பதியும் உணரியின் ஓரங்களை விட்டுவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுப்பதால், அதே தொலைவிலிருந்தும் காட்சி நெருங்கிவிடுகிறது. நடுக்கம் குறைக்கும் வசதியை இயக்கினாலும் பெரும்பாலான கைபேசிகளில் இதே விளைவு ஏற்படும். டிரைபாடில் நிற்கும் கைபேசிக்கு அந்த வசதி தேவையும் இல்லை. ஆகவே தரைக் குறியுடன் லென்சின் உயரத்தையும் (என் அறையில் தரையிலிருந்து 140 செ.மீ.), 1x லென்ஸ் என்பதையும், 1080p என்பதையும், நடுக்கக் குறைப்பு நிறுத்தப்பட்டிருப்பதையும் சேர்த்து எழுதி வைக்க வேண்டும்.

இத்தனையும் செய்த பிறகும் கைபேசி இம்மியளவு சாய்ந்து நிற்கக்கூடும். அதற்கு நான் செய்வது இதுதான். முதல் பாடத்தின் ஒரு நிலைப்படத்தை வீட்டில் இருக்கும் இன்னொரு கைபேசியில் திறந்து டிரைபாடின் அருகில் வைத்துக்கொள்கிறேன். அந்தப் படத்தின் மேலும் கேமரா திரையிலும் ஒரே மாதிரிக் கட்டக் கோடுகள் தெரியும்படி வைத்துக்கொள்கிறேன். பலகையின் மேல் இடது மூலை எந்தக் கட்டத்தில் எங்கே விழுகிறது, கீழ் வலது மூலை எங்கே விழுகிறது என்று இரண்டு புள்ளிகளை மட்டும் ஒப்பிடுவேன். எதிரெதிர் மூலைகள் இரண்டும் பொருந்திவிட்டால் தொலைவும் சாய்வும் அனேகமாகச் சரியாகவே இருக்கும். நான் நிற்கும் இடத்துக்கும் தரையில் ஒரு குறி உண்டு. எழுதும்போது நகர்ந்தாலும், பேசத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் அந்தக் குறிக்குத் திரும்பிவிடுவேன். பின்னாளில் ஒரு துண்டைப் பொருத்த வேண்டி வந்தால் அந்த இரண்டு இடங்களில்தான் வெட்ட முடியும்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை தவறு என்னுடையதே. ஜனவரியில் காலை பத்து மணிக்குக் கிழக்கு ஜன்னலைத் திறந்து வைத்து எடுத்தேன். மே மாதத்தில் மாலை நான்கு மணிக்கு டியூப் லைட்டை மட்டும் நம்பி எடுத்தேன். இந்த இரண்டையும் எந்தத் திருத்தத்தாலும் ஒன்றாக்க முடியாது. முதலாவதில் முகத்தின் ஒரு பக்கம் வெயிலின் மஞ்சளும் மறுபக்கம் குழல்விளக்கின் நீலமும் கலந்திருந்தன. இரண்டாவதில் நீலம் மட்டுமே இருந்தது. இப்போது ஜன்னலுக்குக் கறுப்புத் துணித் திரை போட்டு, டியூப் லைட்டை அணைத்துவிட்டு, ஒரே வகையான இரண்டு எல்இடி பலகை விளக்குகளில் மட்டுமே எடுக்கிறேன். பலகைக்கு இருபுறமும் சாய்வாக வைத்தால் கரும்பலகையில் பளபளப்பு விழுவதில்லை. அவற்றின் கால்களுக்கும் தரைக் குறி உண்டு.

விளக்கை நிலைப்படுத்தினாலும் கைபேசியைத் தானாக முடிவெடுக்க விட்டால் பயனில்லை. அதிலும் கரும்பலகை வைத்துப் பாடம் நடத்துபவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். நான் ஓரமாக ஒதுங்கியதும் காட்சி முழுவதும் கறுப்பாகிவிடுகிறது. வெளிச்சம் போதவில்லை என்று எண்ணி கைபேசி படத்தை வெளிறச் செய்கிறது. வெள்ளைச் சட்டையுடன் நான் உள்ளே வந்ததும் மீண்டும் இருட்டாக்குகிறது. பாடம் முழுவதும் படம் மூச்சு வாங்குவதுபோல் ஏறி இறங்குவதை என் பழைய பாகங்களில் இன்றும் காணலாம். எனவே கேமராவின் Pro வீடியோ முறைக்குச் சென்று ஒளியை உணரும் அளவான ISO 200, ஒவ்வொரு படத்துக்கும் ஒளி விழும் நேரமான ஷட்டர் 1/50 நொடி, நொடிக்கு 25 படம், நிறச் சமநிலையான WB 5600K, குவியம் பூட்டிய நிலை என்று அனைத்தையும் கையால் அமைத்துவிடுகிறேன். ISO எண் உங்கள் விளக்கைப் பொறுத்து மாறும். ஷட்டரை மட்டும் 1/50 அல்லது 1/100 என்றே வையுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறையக்கூடும். 1/60 வைத்தால் படத்தின் குறுக்கே மங்கலான பட்டைகள் மெல்ல நகரும்.

சட்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், சிலருக்கு இது மிகையாகத் தோன்றலாம். ஒரே இளநீல நிறத்தில், கோடுகள் இல்லாத சட்டை இரண்டு வாங்கி, பதிவுக்கென்றே தனியாக வைத்திருக்கிறேன். நெருக்கமான மெல்லிய கோடுகள் திரையில் அலையலையாக மினுங்கும்.

குரல் மெலிந்ததற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஜனவரியில் காலர் மைக்கை மோவாயிலிருந்து ஒரு சாண் கீழே குத்தியிருந்தேன். மே மாதத்தில் அது இரண்டு சாண் கீழே, நெஞ்சுக்குக் கீழ்ப் பொத்தானில் இருந்தது. தொலைவு இரண்டு மடங்கானால் நேரடிக் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் குறைகிறது. அறையின் எதிரொலியோ அவ்வளவாகக் குறைவதில்லை. கிணற்றுக் குரல் என்று நான் சொன்னது அந்த எதிரொலியைத்தான். சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்தே கூடும் என்பதால் அப்படி இதைப் பிறகு சரிசெய்ய முடியாது. இப்போது சட்டையின் உட்புறம் மைக் குத்தும் இடத்தில் நூலால் ஓர் அடையாளம் தைத்து வைத்திருக்கிறேன்.

இரண்டாவது காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு நெடுநாள் ஆயிற்று. நான் ஒவ்வொரு பாகத்தின் ஒலியையும் உச்ச அளவை வைத்து சமன்செய்து வந்தேன். அதாவது பதிவில் மிக உரத்த ஒலி எதுவோ அதை ஒரே அளவுக்குக் கொண்டுவருவது. ஆனால் ஒரு பாகத்தில் மிக உரத்த ஒலி என் குரல். இன்னொன்றில் பலகையில் டஸ்டர் மோதிய ஒலி. டஸ்டரை அளவுகோலாக வைத்தால் குரல் பின்தங்கிவிடுகிறது. காது உணரும் சராசரி உரப்பை வைத்துச் சமன்செய்வதே சரி. இலவசமாகக் கிடைக்கும் Audacity-இல் Loudness Normalization என்ற பெயரில் அது இருக்கிறது. அந்த உரப்பை அளக்கும் அலகு LUFS; நான் எல்லாப் பாகங்களுக்கும் -16 LUFS என்று வைக்கிறேன். நீங்கள் வேறு எண்ணும் வைக்கலாம், தொடரின் நடுவில் மாற்றக் கூடாது. யூடியூபே சமன்செய்துவிடுமே என்று கேட்பவர்களுக்கு: அது உரத்ததைக் குறைக்கிறது, மெலிந்ததை அவ்வாறு உயர்த்தித் தருவதில்லை.

தொடக்கத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆறு நொடித் தலைப்புப் படத்தை ஒருமுறை செய்து, பாட எண்ணையும் தலைப்பையும் மட்டும் மாற்றுகிறேன். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: குரலைத் தனியாகச் சமன்செய்த பின்னரே தொடக்க இசையை ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு மொத்தமாகச் சமன்செய்தால், பாடத்தின் ஒலியைப் பொறுத்து இசையின் அளவு பாகத்துக்குப் பாகம் மாறும்.

பாடம் சரியாக இருந்தால் போதாதா, மாணவர்கள் இதையெல்லாமா பார்க்கிறார்கள் என்று சிலர் கேட்பார்கள். தேர்வுக்கு முன் ஐந்து பாகங்களை வரிசையாகப் பார்க்கும் பிள்ளை, பாகம் மாறும்போதெல்லாம் ஒலியைக் கூட்டியும் குறைத்தும் கொண்டிருந்ததாக என்னிடமே சொல்லியிருக்கிறாள். இதில் எனக்கு ஒரு பழைய வருத்தமும் உண்டு. பணியில் இருந்தபோது ஒரு நிறுவனத்துக்காக ஒன்பது பாடங்கள் பதிவு செய்தேன். வாரத்துக்கு ஒருவராக ஒளிப்பதிவாளர்கள் மாறினார்கள். எவரும் எதையும் எழுதி வைக்கவில்லை. ஒரு பாடத்தில் இரண்டு வரி திருத்த வேண்டியிருந்தபோது, பொருந்தாது என்று சொல்லி முழுப் பாடத்தையே நீக்கிவிட்டார்கள். அந்தப் பாடத்தை நான் இரண்டு வாரம் தயாரித்திருந்தேன்.

முக்கோணவியல் பாடத்துக்கு வருகிறேன். ஜனவரி வெளிச்சத்தை மீண்டும் உருவாக்க முடியாததால், மூன்று நிமிடத்தைப் பொருத்தும் எண்ணத்தைக் கைவிட்டு முழுப் பாடத்தையும் புதிதாக எடுத்தேன். அன்றைய அமைப்பு முழுவதையும் ஒரு நோட்டில் எழுதினேன்: உயரம், தொலைவு, 1080p, ISO, ஷட்டர், WB, மைக்கின் இடம், -16. அதன்பின் அளவியல் அலகில் கூம்பின் கன அளவில் ஒரு பிழை வந்தது. ஏழு வாரம் கழித்து இரண்டு நிமிடத்தை அந்த நோட்டைப் பார்த்து எடுத்துப் பொருத்தினேன். என் பழைய மாணவரை முழுப் பாடத்தையும் பார்க்கச் சொன்னேன். வெட்டிய இடத்தை அவரால் சொல்ல முடியவில்லை.

தொடர் முடியும்வரை கைபேசியை மட்டும் மாற்றிவிடாதீர்கள். புதிய கைபேசியின் லென்சும் நிறமும் வேறாக இருக்கும். அங்கே இந்த எண்கள் பொருந்தா. என் பழைய கைபேசியின் பேட்டரி இப்போது ஒரு மணி நேரம்கூடத் தாங்குவதில்லை. மின்கம்பியைச் செருகிய நிலையிலேயே அதில் எட்டாம் அலகை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.