பாட்டில் பத்தாம் நாளே தீர்ந்த கதை

கேள்வி: அம்மாவுக்கு 70 வயது. கண்புரை, ஆபரேஷன்தான் வழி என்கிறார்கள். சொட்டு மருந்தில் கரையாதா? ஆபரேஷன் செய்தால் உண்மையிலேயே பார்வை வருமா? வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறவள். என் அத்தைக்கு (மாமியார்தான், 72 வயது) இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் நடந்து, முதல் கண் சிவந்துபோனபோது "மருமகள் மருந்தை ஒழுங்காகப் போடவில்லை" என்று சொந்தக்காரர்கள் வாயில் விழுந்தவள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். உங்கள் அம்மாவுக்கு டாக்டர் சொல்வதுதான் கணக்கு.

சொட்டு மருந்தில் கரையாது. கருவிழிக்குப் பின்னால் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் லென்ஸில் நிறையப் புரதம் இருக்கிறது. வயசாக வயசாக அது திரண்டு வெளுத்துப்போகிறது. வெந்த முட்டை வெள்ளையைத் திரும்பப் பச்சையாக்க முடியுமா? அதுபோலத்தான். ஆபரேஷனில் அந்த லென்ஸை எடுத்துவிட்டு, அது இருந்த மெல்லிய பையை அப்படியே விட்டு, அதற்குள் செயற்கை லென்ஸை வைக்கிறார்கள். பின்னால் விழித்திரையும் நரம்பும் நன்றாக இருந்தால் பார்வை வந்துவிடும். சர்க்கரையாலோ கண் அழுத்தத்தாலோ அவை கெட்டிருந்தால் லென்ஸை மாற்றி மட்டும் பிரயோஜனமில்லை. அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அத்தை நாற்பது வருஷம் கொழுந்து பறித்தவர். வெயில் அடிக்கிற மார்ச் மாதத்தில் "இன்னும் பனி விடலையே" என்று சொன்னபோதே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அப்புறம் கூட்டிப்போகலாம் என்றால், "புரை நல்லா முத்தட்டும்" என்று நாத்தனார் வீட்டில் இரண்டு வருஷம் தள்ளிப்போட வைத்தார்கள். அது பழைய காலத்து யோசனை. முத்த முத்த லென்ஸ் பழுப்பாகிக் கல் மாதிரி இறுகிவிடும். மிருதுவாக இருக்கும்போது மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான கீறல் வழியாக, அதிர்வலையால் உடைத்து உறிஞ்சிவிடலாம். அத்தைக்கு ரொம்ப இறுகிவிட்டதால் அதைவிடப் பெரிய கீறல் போட்டு முழுசாக எடுத்தார்கள். தையல் இல்லை. ஊசி போட்டு மரத்துப்போக வைத்ததால் வலியும் இல்லை. ஆனால் இப்படி எடுத்த கண்ணில் உள்வீக்கம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், சொட்டு மருந்தில் அசட்டை கூடாது என்று கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியிலேயே சொல்லித்தான் அனுப்பினார்கள்.

மறுநாள் கட்டைப் பிரித்ததும் நர்ஸம்மாவின் சேலைக் கரையைச் சரியாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து அடுக்களையில் நுழைந்தவர், "என்னம்மா, குண்டா அடியெல்லாம் இவ்வளவு கரியா இருக்கு?" என்று என்னிடமே ஆரம்பித்தார். பார்வை வந்துவிட்டது என்று எனக்கு அப்போதுதான் நிச்சயமானது.

மருந்து என்பது ஆன்டிபயாட்டிக்கும் ஸ்டீராய்டும் கலந்த ஒரே பாட்டில், 5 மில்லி. முதல் வாரம் ஒரு நாளைக்கு ஆறு தடவை, அடுத்த வாரம் ஐந்து, இப்படி வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்து ஆறு வாரம். காலையும் ராத்திரியும் நான் போட்டேன். பகலில் நான் வேலைக்குப் போய்விடுவதால் அத்தையே போட்டுக்கொண்டார். அங்கேதான் வந்தது வினை. தலையை அண்ணாந்து ஊற்றினால் ஒரு சொட்டு நெற்றியில், ஒன்று கன்னத்தில், மூன்றாவதுதான் கண்ணில். நூறு சொட்டு இருக்கிற பாட்டில் பத்தாம் நாளே காலி. "மருந்து தீர்ந்துபோச்சு, வைத்தியமும் முடிஞ்சுபோச்சு" என்று அவர் நினைத்துக்கொண்டார். எனக்கு விஷயம் தெரியவந்து, காலி பாட்டிலோடு ஒரு மருந்துக்கடைக்குப் போனால், அதே பெயர் என்று ஒன்றைக் கொடுத்தார்கள். பெயரில் பாதிதான் அதே. ஸ்டீராய்டு இல்லாத வெறும் ஆன்டிபயாட்டிக். நானும் வாசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

தினமும் காலையில் மற்ற கண்ணைப் பொத்திக்கொண்டு கட்டிலில் இருந்தபடியே சுவரில் மாட்டிய தினசரி காலண்டரை வாசிக்கச் சொல்வேன். ராகு காலம், எமகண்டம் என்ற எழுத்து வரை வாசித்துக்கொண்டிருந்தார். பதினான்காம் நாள் தேதி மட்டும்தான் தெரிகிறது என்றார். கண் சிவந்திருந்தது, லேசான வலி, ஜன்னல் பக்கம் திரும்பினால் கூசுகிறது. ஆபரேஷன் ஆன கண்ணில் வலி, சிவப்பு, பார்வை மங்கல் ஒன்றாக வந்தால் அன்றைக்கே போக வேண்டும். உள்ளே கிருமி புகுந்திருந்தால் கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டியிருக்கும், ஒரு நாள் தாமதித்தாலும் பார்வை போய்விடலாம். அது பெரும்பாலும் முதல் வாரத்தில் வரும், ஆனால் வீட்டில் இருந்துகொண்டு நாம் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரிக்குப் போன அந்த நாள் மே மாதம், சீசன். சீசனில் டூரிஸ்ட் வண்டிகளைக் குன்னூர் வழியாக ஏற்றி எங்கள் கோத்தகிரி ரோட்டில்தான் இறக்குவார்கள். மேட்டுப்பாளையம் போவதற்குள் எங்களுக்குப் பாதி நாள் போனது. வளைவில் காரை நிறுத்தி ஃபோட்டோ எடுக்கிறார்கள், ஹாரன் அடித்தால் முறைக்கிறார்கள். இங்கே வாழ்கிறவனுக்கு ஆஸ்பத்திரி ஒன்று இருக்கும் என்று யாருக்கும் நினைப்பில்லை. சரி, அது வேறு புலம்பல்.

டாக்டர் பார்த்துவிட்டுக் கிருமி இல்லை, ஸ்டீராய்டைத் திடீரென்று விட்டதால் வந்த உள்வீக்கம் என்றார். மூன்று நாள் மணிக்கொரு தடவை, அப்புறம் நான்கு வாரம் படிப்படியாகக் குறைத்துப் போட்டதில் சரியானது. அந்த மருந்து சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றும் என்பதால் அதையும் பார்த்து அனுப்பினார். பாட்டில் பத்து நாளில் தீர்ந்ததைச் சொன்னதும் அவரே போட்டுக்காட்டினார். அத்தையைப் படுக்க வைத்து, கீழ் இமையை விரலால் இழுத்தால் ஒரு சின்னக் கிண்ணம் மாதிரி வரும். அதில் ஒரே ஒரு சொட்டு. கண் பிடிப்பதே அவ்வளவுதான், இரண்டாவது வழிந்துவிடும். பாட்டில் நுனி இமையில் படக்கூடாது. போட்டதும் இரண்டு நிமிஷம் கண்ணை மூடியிருக்க வேண்டும். வேறு மருந்தும் இருந்தால் நடுவில் ஐந்து நிமிஷ இடைவெளி.

மற்றபடி எங்களுக்குச் சொன்னது: முதல் இரண்டு வாரம் கண்ணில் தண்ணீர் படக்கூடாது, தூங்கும்போது மூடி கட்ட வேண்டும், கசக்கக்கூடாது, குனிந்து பாரம் தூக்கக்கூடாது. எங்கள் வீட்டில் வெந்நீர் விறகடுப்பில்தான். ஊதுகுழலை ஒளித்துவைக்க வேண்டியிருந்தது. "மலை ஏறினால் லென்ஸ் நகர்ந்துவிடும்" என்று பயமுறுத்துவார்கள், கேட்காதீர்கள். விழித்திரை ஆபரேஷனில் கண்ணுக்குள் வாயு நிரப்பியிருந்தால்தான் உயரத்துக்குப் போவது ஆபத்து, மேலே போகப் போக அது விரியும். புரை ஆபரேஷனில் வாயு நிரப்புவதில்லை. கிட்டத்தில் வாசிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கும், அதை எங்களுக்கு ஒரு மாதம் கழித்துத்தான் எழுதிக் கொடுத்தார்கள்.

இரண்டாவது கண்ணுக்கு ஆகஸ்டில் செய்தோம். பகல் வேளைக்குப் பக்கத்து வீட்டுப் பெண் வந்து போட்டுக்கொடுத்தாள். ஒரு பாட்டில் இருபதாம் நாள் வரை வந்தது.