பழைய மின் ஸ்கூட்டர்: திரை காட்டும் தூரமும் பேட்டரி தரும் தூரமும்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் புதுச்சேரிக்கு வேலைக்குச் சென்று வருகிறேன். போக வர 50 கி.மீ. ஆகிறது. புதுச்சேரியில் ஒருவர் 2022-இல் வாங்கிய மின் ஸ்கூட்டரை 60,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். இதுவரை 24,000 கி.மீ. ஓடியிருக்கிறது. முழு சார்ஜில் திரையில் 85 கி.மீ. என்று காட்டுகிறது. பேட்டரிக்கு ஐந்து ஆண்டு வாரண்டி இருப்பதாகவும் கூறுகிறார். நம்பி வாங்கலாமா?
– வாசகி, கடலூர்

பதில்: அந்த 85 என்ற எண்ணை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். திரையில் தெரியும் கிலோமீட்டர், வண்டி அண்மையில் எப்படி ஓட்டப்பட்டது, எந்த மோடில் வைக்கப்பட்டிருக்கிறது என்பவற்றைக் கொண்டு கணிக்கப்படுவது. சில நாட்கள் ஊருக்குள் மெதுவாக ஓட்டி, சிக்கன மோடில் நிறுத்திக் காட்டினால், களைத்துப்போன பேட்டரிகூட நல்ல எண்ணைக் காட்டிவிடும். நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டியது கிலோமீட்டரை அல்ல, சதவீதத்தை. எத்தனை சதவீதம் குறைந்தபோது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதை உங்கள் சாலையில், உங்கள் வேகத்தில் ஓட்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

விற்பவரிடம் சொல்லி முந்தைய இரவே வண்டியை 100 சதவீதம் வரை சார்ஜ் செய்து வைக்கச் சொல்லுங்கள். 100 வந்தவுடன் பிளக்கைப் பிடுங்காமல் இன்னும் அரை மணி நேரம் விட்டுவைப்பது நல்லது. பேட்டரிக்குள் இருக்கும் செல்களைச் சமப்படுத்தும் வேலை பெரும்பாலும் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் நடக்கும். காலையில் ஓடோமீட்டர் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு, அரியாங்குப்பம், தவளக்குப்பம், கன்னியக்கோயில் வழியாகப் பெரியகங்கணாங்குப்பம் வரை வந்து திரும்புங்கள். ஏறத்தாழ 40 கி.மீ. வரும். நீங்கள் தினமும் ஓட்டக்கூடிய வேகத்தையே கடைப்பிடியுங்கள். விற்பவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டால் கணக்கு மாறிவிடும். முன்பணம் கொடுத்து ரசீது பெற்றுக்கொண்டு, காப்பீடு நடப்பில் இருப்பதை உறுதி செய்துவிட்டுத் தனியாக ஓட்டுவதே சரி.

ஓட்டும்போது ஒன்றைக் கவனித்து வாருங்கள். சதவீதம் ஒவ்வொன்றாக இறங்க வேண்டும். பாலத்தில் ஏறும்போதோ வேகமாக முறுக்கும்போதோ 48-இலிருந்து 41-க்குச் சட்டென்று விழுந்து, பிறகு வேகம் குறைந்ததும் சற்று மேலேறினால், உள்ளே சில செல்கள் மற்றவற்றைவிடப் பலவீனமாகிவிட்டன என்று சந்தேகிக்க வேண்டும். பேட்டரியில் செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், மிகவும் பலவீனமான செல் தன் கீழ் எல்லையைத் தொட்டவுடனே கட்டுப்பாட்டுச் சுற்று மொத்த பேட்டரியையும் நிறுத்திவிடும். மற்ற செல்களில் மின்சாரம் மீதமிருந்தாலும் பயனில்லை. இப்படித் தாவும் வண்டி என்ன விலைக்கு வந்தாலும் வேண்டாம் என்பதே என் கருத்து. 15 சதவீதம் இருக்கிறதென்று நம்பி வரும் நாளில் கன்னியக்கோயில் அருகே நின்றுவிடும்.

ஓட்டம் முடிந்ததும் இரண்டாவது அளவீடு. பிளக் பாயிண்டில் செருகி, எத்தனை யூனிட் மின்சாரம் போகிறது என்று காட்டும் சிறிய எனர்ஜி மீட்டர் எலக்ட்ரிகல் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கிறது. அதன் வழியாக மீண்டும் 100 வரை சார்ஜ் செய்து, ஏறிய யூனிட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டத்தில் கிடைப்பது இன்றைய தூரம். இந்த மீட்டர் தருவது பேட்டரி புதிதாக இருந்தபோது கொண்ட அளவில் இன்று எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்ற விடை.

ஓர் எடுத்துக்காட்டாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். புதிதில் பயன்படுத்தத்தக்க கொள்ளளவு 3 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனத்தின் விவரக் குறிப்பில் மொத்தக் கொள்ளளவு, பயன்படுத்தத்தக்க கொள்ளளவு என்று இரண்டு எண்கள் இருந்தால் சிறியதையே எடுத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் 42 கி.மீ. ஓட்டியதில் 100 சதவீதம் 40 ஆகக் குறைந்தது. அதாவது 60 சதவீதம் செலவானது. திரும்ப நிரப்ப 1.75 யூனிட் ஏறியது. சார்ஜரில் வெப்பமாக வீணாவது 12 சதவீதம் என்று கழித்தால் பேட்டரிக்குள் சென்றது 1.54 யூனிட். 60 சதவீதத்துக்கு 1.54 என்றால் முழுமைக்கு சுமார் 2.57. புதிதில் 3 இருந்ததால், மிஞ்சியிருப்பது ஏறத்தாழ 85 சதவீதம். சார்ஜர் இழப்பு வண்டிக்கு வண்டி சற்று மாறும் என்பதால் இந்த விடையில் ஐந்து சதவீதம் முன்பின் இருக்கலாம். எனவே, விற்பவருடன் அதே நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்துக்குச் சென்று, கணினியில் இணைத்துப் பார்த்த பேட்டரி அறிக்கையையும் கேளுங்கள். அதில் SoH என்று வரும், பேட்டரியின் மிஞ்சிய திறனைக் காட்டும் சதவீத எண்ணும் உங்கள் கணக்கும் அருகருகே இருந்தால் நிம்மதி. பதிவான உரிமையாளர் கேட்டால்தான் பல இடங்களில் இந்த அறிக்கையைத் தருவார்கள் என்பதால் அவர் உடன் வருவது அவசியம்.

இப்போது உங்கள் 50 கிலோமீட்டருக்கு வருவோம். எடுத்துக்காட்டின்படி 60 சதவீதத்துக்கு 42 கி.மீ. என்றால் முழு சார்ஜுக்கு 70 கி.மீ. கடைசி 20 சதவீதத்தைத் தினசரிக் கணக்கில் சேர்க்கக் கூடாது. எதிர்க்காற்றும் மழையும் வழிமாற்றமும் அதைத்தான் உண்ணும், சதவீதக் கணிப்பும் அந்த அடிப்பகுதியில்தான் அதிகம் தவறும். ஆக, கையில் இருப்பது 56 கி.மீ. இன்றைக்குப் போதும். பேட்டரி நிலை 85-இலிருந்து 75-க்கு இறங்கும் நாளில் அது 49 ஆகிவிடும். உங்கள் பயணத்துக்கு அப்போதே பற்றாது.

வாரண்டி கைகொடுக்குமா என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. பேட்டரி மெல்ல மெல்லத் திறன் இழப்பதற்குப் பொறுப்பேற்கும் வாரண்டிகள் பொதுவாக ஓர் எல்லைக்கோட்டைக் குறிப்பிடும். 70 சதவீதம் என்பது பரவலாகக் காணப்படும் எண். அதற்குக் கீழே இறங்கினால்தான் நிறுவனம் பழுதுபார்க்கும் அல்லது மாற்றித்தரும். 72 சதவீதத்தில் நிற்கும் பேட்டரி வாரண்டியின் பார்வையில் குறையற்ற பேட்டரி. ஆனால் உங்கள் வண்டி 75-லேயே ஊர் திரும்பத் தடுமாறும். சில வாரண்டிகளில் திறன் குறைவு பற்றிய பேச்சே இருக்காது. உற்பத்திக் குறையால் பேட்டரி செயலிழந்தால் மட்டுமே பொறுப்பு. ஆகவே, ஐந்து ஆண்டு என்ற சொல்லைக் கேட்டு ஆறுதல் அடையாமல், எந்தச் சதவீதத்துக்குக் கீழே என்ற வரியை வாரண்டி புத்தகத்தில் தேடிப் படியுங்கள்.

கிலோமீட்டர் வரம்பையும் பாருங்கள். ஆண்டு, கிலோமீட்டர் இரண்டில் எது முந்துகிறதோ அதுவே முடிவு. உதாரணமாக வரம்பு 50,000 கி.மீ. என்றால் இந்த வண்டிக்கு மீதம் 26,000. மாதம் 25 நாள் ஓட்டும் உங்களுக்கு 1,250 கி.மீ. ஆவதால், இருபத்தோரு மாதத்துக்குள் அது தீர்ந்துவிடும். ஐந்து ஆண்டில் முதல் மூன்று இயல்பான வாரண்டியாகவும் மீதி பணம் கட்டி நீட்டித்ததாகவும் இருந்தால், நீட்டித்த பகுதி இரண்டாவது உரிமையாளருக்குச் செல்லுமா என்பது தனிக் கேள்வி. முதல் உரிமையாளருக்கு மட்டுமே என்ற நிபந்தனை சில திட்டங்களில் உண்டு. வண்டியின் சேஸ் எண்ணைக் குறிப்பிட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பெயர் மாற்றத்துக்குப் பிறகும் வாரண்டி தொடருமா, எந்தத் தேதி வரை என்று எழுத்தில் பதில் பெறுங்கள். ஷோரூமில் வாய்வார்த்தையாகச் சொல்வது பின்னாளில் எடுபடாது. பேட்டரி மீதுள்ள வரிசை எண் நிறுவனப் பதிவோடு ஒத்துப்போகிறதா என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடலாம்.

நம் பகுதிக்கே உரிய ஓர் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபின் புதுச்சேரியிலும் கடலூரிலும் பல தெருக்கள் நீரில் நின்றன. அப்போது இந்த வண்டி எங்கே இருந்தது என்று நேராகக் கேளுங்கள். ஐ.பி.67 என்ற தரக்குறி, ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும் சோதனையைத்தான் குறிக்கிறது. நாள்கணக்கில் வெள்ளத்தில் நிற்பதை அல்ல. நீரில் மூழ்கியதால் வரும் பழுதைப் பெரும்பாலான வாரண்டிகள் விலக்கிவிடுகின்றன. கால் வைக்கும் தளத்தின் அடியிலும் சீட்டுக்குக் கீழும் வண்டல் படிந்திருக்கிறதா, கனெக்டர் முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். முந்தைய காப்பீட்டுப் பத்திரங்களையும் வரிசையாகக் கேளுங்கள். இழப்பீடு கோராததற்கான நோ கிளெய்ம் போனஸ் ஓர் ஆண்டில் திடீரென்று பூஜ்யமாகியிருந்தால், ஏதோ பெரிய பழுதுக்குக் கிளெய்ம் வாங்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு. அது என்னவென்று விற்பவர் விளக்கட்டும்.

புதுச்சேரிப் பதிவு வண்டியைக் கடலூருக்கு மாற்ற, புதுச்சேரி போக்குவரத்து அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். அதற்குப் படிவம் 28, பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. விற்பவர் தன் கைபேசிச் செயலியிலிருந்து வண்டியை விடுவித்து உங்கள் கணக்குக்கு மாற்றித்தர வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

என் முடிவு இதுதான். அளவீட்டில் 85 சதவீதத்தை ஒட்டி வந்து, உங்கள் அலுவலகத்தில் பகலில் சார்ஜ் போட அனுமதியும் இருந்தால் வாங்கலாம், 25 கி.மீ. ஒருவழிப் பயணத்துக்கு இந்தப் பேட்டரி இன்னும் பல காலம் ஈடுகொடுக்கும். அலுவலகத்தில் பிளக் பாயிண்ட் கிடைக்காது என்றால், இந்த விலைக்கு இதை வாங்க வேண்டாம். வாங்குவதானால், நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான பதிலும் தடையின்மைச் சான்றும் கைக்கு வந்தபிறகே மீதித் தொகையைக் கொடுங்கள். வாரண்டி இருந்தும் நிறுவனம் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடலாம். ஆனால் விற்பவர் வியாபாரி அல்ல, தம் சொந்த வண்டியை விற்கும் தனிநபர். அவர் மறைத்த குறைக்கு நுகர்வோர் ஆணையத்தில் தீர்வு பெறுவது கடினம். ஆகவே வண்டி நீரில் மூழ்கியதில்லை, பேட்டரி பிரிக்கப்பட்டதில்லை என்ற இரண்டு வரிகளை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.