கரூர்த் துண்டுக்கு வந்த மாதிரிக் கோரிக்கை

"கரூரில் சமையலறைத் துண்டு நெய்கிறோம். வணிகத் தளம் வழியாக ஜெர்மனியிலிருந்து பன்னிரண்டு துண்டுகளை இலவச மாதிரியாகக் கேட்கிறார்கள்; அனுப்பலாமா?"

உடனே அனுப்ப வேண்டாம். உண்மையான இறக்குமதியாளர் அளவு, ஜிஎஸ்எம், சாய உறுதி ஆகியவற்றை விசாரிப்பார். எதையும் விசாரிக்காமல் பன்னிரண்டு துண்டுகள் கேட்பவர் மீது எனக்கு ஐயமே எழும். அந்நிறுவனத்தின் முகவரியையும் பதிவு எண்ணையும், உங்கள் சரக்கின் எச்எஸ் குறியீட்டையும் (டெர்ரி அல்லாத பருத்தித் துண்டுக்கு 630291) குறிப்பிட்டு, பெர்லினிலுள்ள இந்தியத் தூதரகத்தின் வணிகப் பிரிவுக்கு எழுதி, அப்படியொரு நிறுவனம் இயங்குகிறதா என்று கேளுங்கள். அதே கடிதத்தில் பிற இறக்குமதியாளர்களின் பட்டியலையும் கேட்கலாம். நிறுவனம் இருப்பது உறுதியானாலும் பணம் வரும் என்பதற்கு அது உத்தரவாதமாகாது. பதில் திருப்தியாக இருந்தால், இரண்டு துண்டுகளை இலவசமாகத் தந்து, கூரியர் செலவை அவரே ஏற்கும்படி, வாங்குபவரின் கூரியர் கணக்கு எண்ணைக் கேளுங்கள். பெரும்பாலான போலிகள் அங்கேயே நின்றுவிடுவார்கள்.