சிலிண்டர் பவர் உள்ள கண்ணுக்கு ரொரிக் லென்ஸா, வெட்டா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, வயல் வேலை. வலக்கண்ணில் கற்றரக்ட். கண்ணாடியில் சிலிண்டர் பவர் 3.00 இருக்கு. ஒப்பரேசனோடு அதையும் ரொரிக் லென்ஸ் வைத்தோ, கருவிழியில் சின்ன வெட்டுப் போட்டோ சரிசெய்யலாம் என்கிறார்கள். எதைச் செய்யலாம்?
— ஒரு மகள், களுவாஞ்சிகுடி

பதில்: சிலிண்டர் பவர் என்பது, கண் ஒரு அச்சில் கூடவும் மற்றதில் குறையவும் வளைந்திருப்பதால் வரும் மங்கலைத் திருத்தும் பவர். ரொரிக் என்பது அந்தத் திருத்தத்தோடு செய்து, வில்லைக்குப் பதிலாகக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ். கண்ணாடியில் உள்ள 3.00 ஐ வைத்து முடிவெடுக்காதீர்கள். அதில் ஒரு பங்கு புரை விழுந்த வில்லையிலிருந்து வந்திருக்கலாம். வில்லையை எடுத்ததும் அது போய்விடும். மிஞ்சுவது கருவிழியின் வளைவு வேறுபாடு மட்டுமே. அதை அளந்த தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். படுக்கை அச்சில் 45.00, நெடுக்கு அச்சில் 43.00 என்றிருந்தால், திருத்தவேண்டியது ஏறக்குறைய 2.00 தான்.

அளப்பதற்கு முன் இன்னொன்று. வெயிலிலும் தூசியிலும் வேலை செய்பவர்களுக்கு மூக்குப் பக்கமிருந்து கருவிழி மேல் சதை வளர்வதுண்டு. அது கருவிழியை இழுத்து, இல்லாத சிலிண்டரை உண்டாக்கும். பெரிதாக இருந்தால் முதலில் சதையை எடுத்து, சில வாரங்களோ மாதங்களோ விட்டு, அளவு மாறாமல் நின்ற பிறகே லென்ஸைத் தெரிவுசெய்யவேண்டும். இதை அவசரப்படுத்தினால் விலைகொடுத்து வாங்கிய ரொரிக் லென்ஸே பிழையாகிவிடும்.

வெட்டு என்பது, வளைவு கூடிய அச்சில் கருவிழியின் ஓரத்தில் போடும் வில் வடிவக் கீறல். அந்த அச்சு தளர்ந்து தட்டையாகும். செலவு குறைவு. ஆனால் ஒவ்வொருவருக்கும் காயம் ஆறும் விதம் வேறு என்பதால் பலனும் கூடிக் குறையும். 1.00 அளவுக்கு நான் அதை ஒத்துக்கொள்வேன், 2.00 என்றால் ரொரிக்கையே சொல்வேன்.

ரொரிக்கில் திருத்தம் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அது சரியான அச்சில் நிற்கவேண்டும். படுத்ததும் கண் சற்றுச் சுழலும் என்பதால், அப்பாவை நிமிர்ந்து இருக்கவைத்துத்தான் கருவிழி ஓரத்தில் மையால் அடையாளமிடுவார்கள். பிறகு லென்ஸ் 10 பாகை திரும்பினாலே திருத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு போய், 2.00 இல் சுமார் 0.70 மிஞ்சும். 30 பாகை திரும்பினால் பலனே இல்லை. ஒப்பரேசனின்போது, புது லென்ஸைத் தாங்கும் வில்லைப்பை கிழிந்தால் ரொரிக் வைக்கமுடியாமலும் போகலாம். அப்போது எந்த லென்ஸ் வைப்பார்கள் என்று முன்பே கேளுங்கள். சாதாரண ரொரிக் தூரப்பார்வைக்கானது, எனவே பத்திரிகை வாசிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கும்.

லென்ஸ் திரும்புவது பெரும்பாலும் முதல் நாளிலேயே. கண் தெளிந்த பிறகும் தூரம் மங்கலாக இருந்து, சிலிண்டர் கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெளிந்தால், கண்மணியை மருந்தால் விரித்து லென்ஸின் அச்சைக் காட்டும் புள்ளிகள் எந்த அச்சில் நிற்கின்றன என்று பார்க்கச் சொல்லுங்கள். திருப்பி வைப்பதென்றால் முதல் சில வாரங்களுக்குள் செய்வதே இலகு. நாள் போகப்போக வில்லைப்பை லென்ஸை இறுகப் பிடித்துக்கொள்ளும்.