ஐந்து லட்சம் பாலிசி, கைக்கு வந்தது ஒன்று இருபது

பதில் சொல்பவர் சென்னை மருத்துவமனை ஒன்றின் காப்பீட்டுப் பிரிவில் பதினெட்டு ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது சொந்த ஊரான, ஆந்திராவின் நகரிக்குத் திரும்பியவர்.

நகரி: அம்மாவுக்குச் சென்னையில் ஒரு முட்டி மாற்றினோம் ஐயா. பில் 2,60,000. பாலிசி ஐந்து லட்சம். வந்தது 1,20,000 மட்டும். எங்கே போனது மீதி?

நீங்கள் அனுப்பிய தீர்வுக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். கையுறை, பதிவுக் கட்டணம் போன்றவற்றுக்கு 12,000 கழித்திருக்கிறார்கள். அதில் எனக்கு மறுப்பில்லை. மீதி 2,48,000. அடுத்த வரியில் "மூட்டு மாற்று உச்சவரம்பு 1,50,000" என்று இருக்கிறது. அங்கேயே 98,000 போய்விட்டது. இந்த வரம்புக்குள் அறை வாடகை, மருத்துவர் கட்டணம், பொருத்திய உலோக மூட்டு எல்லாமே அடக்கம். அதன் பிறகு "மண்டல கோ-பே 20 சதவீதம்" என்று இன்னொரு 30,000, அதாவது செலவு கூடிய ஊரில் சிகிச்சை பெற்றதற்காக நீங்களே ஏற்க வேண்டிய பங்கு.

இந்தக் கழிவுகளின் வரிசைதான் எனக்கு உறுத்துகிறது. 2,48,000-இல் முதலில் 20 சதவீதம் கழித்திருந்தால் 1,98,400 வந்திருக்கும். அதன் மேல் வரம்பைப் போட்டால் 1,50,000 முழுதாகக் கிடைத்திருக்கும். வரம்பை முன்னால் போட்டதால் மட்டுமே 30,000 குறைந்தது. கோ-பே என்பது ஏற்கத்தக்க தொகையில் ஒரு சதவீதம் என்றே பாலிசிகளில் எழுதியிருக்கும். வரம்புக்குப் பின் மிஞ்சுவதுதான் ஏற்கத்தக்க தொகை என்பது கம்பெனியின் வாதம். எது முதல், எது பிறகு என்று உங்கள் பாலிசியில் தெளிவாக எழுதியிருந்தால் வழக்கு அங்கேயே முடிந்தது. எழுதாமல் விட்டிருந்தால், குழப்பமான வாசகத்தை அதை எழுதியவருக்கு எதிராகவே பொருள்கொள்ள வேண்டும் என்ற கொள்கை உங்கள் பக்கம் நிற்கும். 98,000-க்கு ஆசைப்படாதீர்கள், 30,000-க்காக எழுதுங்கள்.

சத்தியவேடு: தம்பி சென்னையில் இருக்கிறான். அவன் முகவரியில் பாலிசி எடுத்தால் இந்த 20 சதவீதம் பிடிக்க மாட்டார்களாமே அண்ணா?

பாதி சரி. நீங்கள் சொன்ன முகவரிக்கும் கட்டிய பிரீமியத்துக்கும் ஏற்ற மண்டலம், சிகிச்சை பெற்ற ஊரின் மண்டலத்தைவிடக் கீழே இருந்தால்தான் பிடிப்பார்கள். ஆனால் நீங்கள் வாழாத ஊரை எழுதினால் அது பொய்த் தகவல். க்ளெய்ம் விசாரணையில் ஆதார் அட்டையும் மின் கட்டண ரசீதும் சத்தியவேட்டைக் காட்டினால் முழுத் தொகைக்குமே ஆபத்து. உங்கள் முகவரியிலேயே உயர் மண்டல பிரீமியம் கட்டுகிறேன் என்று புதுப்பிக்கும்போது கேளுங்கள். பல கம்பெனிகள் ஒப்புக்கொள்கின்றன. ஆனால் அதனால் கோ-பே மட்டுமே நீங்கும், முட்டிக்கான வரம்பு அப்படியே இருக்கும். சென்னைக்குத்தான் போவோம் என்று உறுதியாக இருப்பவர்கள் வரம்பே இல்லாத பாலிசிக்கு மாறுவதைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

சித்தூர்: அப்பாவுக்கு வேலூரில் முட்டி மாற்றினோம். ஒரு பைசா கோ-பே பிடிக்கவில்லை. தமிழ்நாட்டுக்குப் போனால் பிடிப்பார்கள் என்பது வெறும் வதந்தி.

மாநிலத்தை வைத்துப் பிடிப்பதில்லை. பாலிசியில் மண்டலப் பட்டியல் ஊர்ப் பெயரோடு இருக்கும். உங்கள் பட்டியலின் செலவு கூடிய ஊர்களில் வேலூர் இருந்திருக்காது. இதே பாலிசியோடு சென்னைக்குப் போயிருந்தால் பிடித்திருக்கலாம். தாம்பரம், பூந்தமல்லி போன்ற இடங்களைச் சென்னையோடு சேர்ப்பார்களா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

புத்தூர்: பாட்டிக்குக் கண்புரை. ஆரோக்ய சஞ்சீவனி பாலிசி. மண்டலம் மாற்றினால் கூடுதலாகக் கிடைக்குமா?

கிடைக்காது. அந்தப் பாலிசிக்கு மண்டலமே இல்லை, நாடு முழுவதும் ஒரே பிரீமியம். கண் ஒன்றுக்குக் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் அல்லது 40,000, இவற்றில் எது குறைவோ அதுவே வரம்பு. எல்லாருக்கும் 5 சதவீதம் கோ-பே உண்டு.

நகரி: புகாரை எங்கே கொடுப்பது ஐயா? அம்மா இன்னொரு முட்டியையும் இந்த ஆண்டே மாற்ற வேண்டும் என்கிறார்.

முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள். வரம்பை முதலில் போட்டது எந்தப் பிரிவின்படி என்று மட்டும் கேளுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் ஹைதராபாத்தில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

இரண்டாவது முட்டிக்குத் தேதி வாங்கும் முன், அந்த 1,50,000 ஒரு முட்டிக்கா அல்லது ஒரு பாலிசி ஆண்டுக்கா என்று பாருங்கள். ஆண்டுக்கு என்றால் இந்த ஆண்டின் பங்கு தீர்ந்துவிட்டது. வலி பொறுக்கும் என்று மருத்துவர் சொன்னால், புதுப்பித்த பிறகு செய்வதே நல்லது. வரம்பு அட்டவணை இருக்கும் பக்கத்தையும் கோ-பே பிரிவையும் படமெடுத்து அனுப்புங்கள். வாசகத்தைப் பார்க்காமல் அந்த 30,000 திரும்பும் என்று உறுதி சொல்ல என்னால் முடியாது.